ஜெனிற்றா கொடுத்த உதாரணம்

ஜெனிற்றாவுக்குப் பொறாமை பிறவிக் குணம். ஞானஸ்நானத்தன்று மற்றக் குழந்தைகள் தலையில் தண்ணீர் பட்டதற்கு அழ, இவள் பக்கத்துக் குழந்தையின் சரிகை வைத்த சட்டையைப் பார்த்து அழுதாளாம். அவளுடைய தமக்கை லூர்து இதை ஒவ்வொரு பெருநாளுக்கும் தவறாமல் சொல்லுவாள். அக்காள் சொல்லுவதில் பாதியைத் தள்ளினாலும் மீதிப் பாதி உண்மைதான். பக்கத்து வீட்டுக் கோழி நாளுக்கு ஒரு முட்டை இட்டால் இவளுக்கு இங்கே வயிறு எரியும். புருசன் அருளப்பு களப்பில் நண்டு வலை போடுகிறவன். அவனுக்கு எட்டு நண்டும் அடுத்த தோணிக்குப் பதினெட்டும் பட்டால், அவன் சிரித்துக்கொண்டு சாப்பிட இருப்பான், அவளுக்குச் சோறு இறங்காது.

ஒன்றில் மட்டும் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை, அது தமிழ். உயர்தரப் பரீட்சையில் அந்த வருசம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு 'ஏ' எடுத்தவள் அவள் ஒருத்திதான். சண்டைக் காலம், பாதை ஒரு நாள் திறந்தால் பத்து நாள் பூட்டிக் கிடக்கும். பல்கலைக்கழகம் போகக் கிடைக்கவில்லை. பெறுபேற்றுத் தாள் மட்டும் அலுமாரியில், கல்யாணச் சேலைக்குக் கீழே இருக்கிறது. நாற்பத்துமூன்று வயதிலும் சேலையை எடுக்கிற சாட்டில் அதை எடுத்துப் பார்ப்பாள்.

மாங்கேணிக்கும் வாகரைக்கும் இடையில், வீதியோரமாக உள்ள நண்டு நிலையத்தில் அவளுக்குப் பதினோரு வருச வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுத்து, தரம் பிரித்துத் தட்டில் வைப்பது. ஓட்டுத் துண்டு ஒன்று சதையோடு போனாலும் முழுத் தட்டும் திரும்பி வரும். ஜெனிற்றாவின் தட்டு ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. ஆகவே, மேசைகளைப் பார்த்துக்கொண்ட பழைய சுப்பவைசர் வேலையை விட்டபோது, சுப்பவைசர் போடுகிற பச்சைத் தொப்பி இனித் தன் தலைக்குத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று, பச்சை நிறம் தனக்குப் பொருந்துமா என்றும் பார்த்தாகிவிட்டது.

அந்த நிலையத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. வேதக்காரப் பெண்கள், சைவப் பெண்கள், ஓட்டமாவடிப் பக்கமிருந்து வரும் முஸ்லிம் பெண்கள் என்று நாற்பது பேர் அங்கே வேலை செய்கிறார்கள். முந்தி ஒரு காலத்தில், திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் யாருடைய பிரார்த்தனையைச் சொல்லுவது என்று சண்டை வந்தது. மனேஜர் இராசதுரை உன்னிச்சைக்காரர், வெள்ளாமைக் குடும்பம், சண்டை என்றால் வரம்பு கட்டித் தீர்க்கிற ஆள். "ஒருத்தர்ட பிரார்த்தனையும் வேணாம். கிழமைக்கு ஒரு குறள். அதில ஒருத்தருக்கும் பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் தன் மேசைக் கலண்டரில் உள்ள குறளைப் போனில் படம் பிடித்து எல்லாருக்கும் வட்சப்பில் அனுப்புவார். கீழே ஒரு பெயர் இருக்கும். பெயருக்குரியவர் திங்கட்கிழமை சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லி, வேலைத்தலத்தில் நடக்கிற ஒரு காரியத்தை உதாரணமாகச் சொல்ல வேண்டும். அரசன், மந்திரி, யானை, குதிரை எல்லாம் செல்லாது. நண்டு நிலையத்தில் நடப்பதுதான் செல்லும்.

அந்த வெள்ளிக்கிழமைப் படத்துக்குக் கீழே இருந்த பெயர் டினுஷா. அதற்கும் கீழே, 'புதிய சுப்பவைசரைத் திங்கட்கிழமை அறிவிப்பேன்' என்று ஒரு வரி.

ஜெனிற்றாவுக்குக் காதுமடல் சுட்டது. டினுஷா வந்து எட்டு மாதம். இருபத்தாறு வயது, நீர்கொழும்பில் சிங்களத்தில் படித்துவிட்டு மாங்கேணிக்கு மருமகளாக வந்தவள். வெப்பநிலைப் பதிவுகளைக் கம்பியூட்டரில் போடுவாள். சிவப்பு ஸ்கூட்டியில் வருவாள். இறப்பர்க் கையுறை எல்லார் கையிலும் சுருங்கித் தொங்கும், அவள் கைக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். அவள் 'அக்கா' என்று கூப்பிடுவதில் உள்ள இனிப்பைக் கூட ஜெனிற்றாவால் பொறுக்க முடியாது. இப்போது தமிழும் அவளுக்கா? வாயில் நுழையாத ஒருத்திக்குக் குறளைக் கொடுத்து, மேடை போட்டு, அதே கையோடு தொப்பியையும் வைக்கப் போகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அன்றிரவு அருளப்பு எதைக் கேட்டாலும் "ம்" என்றாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, சனிக்கிழமை மத்தியானம் டினுஷாவே தேடி வந்தாள். ஐஸ் அறைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஜெனிற்றா சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு இது வாசிக்கவே வருதில்லை. நீங்கதான் சொல்லித் தரணும்."

போனை நீட்டினாள். கலண்டர்த் தாள் சரிந்து கிடந்தது. மேலே லைட் வெளிச்சம் பட்டு வெள்ளையாக இருந்தது. கீழ் மூலையில் மனேஜரின் பெருவிரல், கடைசிச் சொல்லின் பாதியை மறைத்தபடி. ஜெனிற்றா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கத் தேவையே இல்லை, அது அவளுக்கு மனப்பாடம்.

இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து
அதனை அவன்கண் விடல்.

"எத்தின சொல்லு இருக்கு, எண்ணு."

"ஏழு."

"எழுதியிருக்கிறபடி பாத்தா ஏழு. மேல நாலு, கீழ மூணு. ஆனா பொருள் சொல்லக்க பிரிச்சுப் பாக்கணும். 'இவன்முடிக்கும்' எண்டா இவன், முடிக்கும். 'என்றாய்ந்து' எண்டா என்று, ஆய்ந்து. 'அவன்கண்' எண்டா அவன், கண். அப்ப பத்து வரும்."

டினுஷா கொப்பியில் எழுதினாள். அவளுடைய எழுத்து வட்ட வட்டமாக, சிங்கள எழுத்தின் சாயலில் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜெனிற்றாவுக்குக் கொஞ்சம் சந்தோசம் வந்தது.

"இதனை, இந்த வேலையை. இதனால், இந்தக் கருவியால, இந்த வழியால. இவன் முடிக்கும், இந்த ஆள் செய்து முடிப்பான். என்று ஆய்ந்து, அப்பிடி எண்டு ஆராய்ஞ்சு பாத்து. பாத்தியா, மூண்டையும் ஆராயணும். வேலை என்ன, அதுக்கு என்ன வேணும், ஆர் செய்வான். ஆள் நல்லவன் எண்டு மட்டும் பாத்தாப் போதாது. நல்ல கைகாரிட்ட மொட்டைக் கத்தியக் குடுத்தா நண்டுச் சதை சிதையும். கருவி பிழைச்சா ஆளும் பிழைக்கும்."

"ஓம் அக்கா. மறுகா 'அதனை', அந்த வேலையை. 'அவன்கண்'..." டினுஷா தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அவன்மேல ஒரு கண் வச்சிருக்கணும். அப்பிடியா?"

ஜெனிற்றாவின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். திங்கட்கிழமை நாற்பது பேருக்கு முன்னால் இவள் அதைச் சொல்லுவாள், மனேஜர் சிரிப்பார், தொப்பி கைமாறும். 'ஓம்' நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. பிழையான தமிழ் தன் வாயிலிருந்து போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது அவளுடைய ஒரே சொத்து.

"இல்லை. இந்தக் கண் முகத்தில உள்ள கண் இல்லை. 'இடத்தில' எண்டு பொருள். அவன்கண் எண்டா அவனிட்ட. விடல் எண்டா விட்டிரு, ஒப்படைச்சிரு. அதனை அவன்கண் விடல், அந்த வேலையை அவனிட்டயே விட்டிரணும். ஆராய்ச்சி எல்லாம் விடுறதுக்கு முந்தி. விட்டாப் பிறகு பின்னால நிண்டு எட்டிப் பாக்கிறது, கையை நுழைக்கிறது, இதெல்லாம் இல்லை."

"முந்தி நல்லாப் பாக்கணும், பிறகு பேசாம விடணும்."

"அதுதான்" என்றாள் ஜெனிற்றா. தான் அரை மணித்தியாலம் சொன்னதை இவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாளே என்று அதற்கும் எரிந்தது.

மணி அடித்தது. "உதாரணம் அக்கா?" என்றாள் டினுஷா.

"பின்னேரம் வொய்ஸில அனுப்புறன்."

உள்ளதைச் சொன்னால், வேலை முடிந்து கேற்றடிக்கு வரும்வரை அவள் நல்ல உதாரணம் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் மேசை, சின்னக் கத்தி, கால் சதைக்கு எந்தப் பிள்ளை பொருத்தம் என்று ஏதோ ஒன்று. அப்போது பின்னால் சிவப்பு ஸ்கூட்டி வந்தது. "அக்கா, ஏறுங்க, விட்டுட்டுப் போறன்" என்றாள் டினுஷா. "வேணாம், நடக்கிறன்" என்றாள் இவள். ஸ்கூட்டி போன புழுதி வாய்க்குள் போனது. வீட்டுக்குப் போகிற ஒன்றரைக் கிலோமீற்றரில், தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்கிற அளவுக்கு அவள் வந்துவிட்டாள்.

இரண்டு வருசத்துக்கு முந்தி, நிலையத்தில் ஐஸ் விசயம் ஒன்று நடந்தது. ஐஸ் அறைக்குப் பொறுப்பு உசனார். ஓட்டமாவடிக்காரர், அறுபதை நெருங்கும் மனிதர், முஸ்லிம் பெண்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் உசனார் காக்கா. நோன்பு மாதத்திலும் முதல் ஆளாக வந்து ஐஸ் பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார். ஐஸ் லொறியை ஒழுங்கு செய்வது அவர் வேலை என்று மனேஜரே கையில் கொடுத்திருந்தார். ஒரு நாள் உசனார் லொறியைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். மனேஜருக்கோ விட்ட இடத்தில் மனம் நிற்காது. உசனாரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், சாரதிக்குத் தானே போன் போட்டு, நண்டு பிந்தித்தான் வரும், பத்து மணிக்கு வா என்றார். நண்டு நேரத்துக்கே வந்தது. அவித்துக் கொட்டியாயிற்று, ஐஸ் இல்லை. அவ்வளவு நண்டையும் மத்தியானம் குழி வெட்டிப் புதைத்தார்கள். அறிக்கையில் உசனாரின் கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. உண்மை எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஐஸ் என்ற பேச்சு எடுத்தாலே மனேஜரின் முகம் கறுக்கும்.

டினுஷா அதற்குப் பிறகு வந்தவள். அவளுக்கு இது தெரியாது.

ஜெனிற்றா கிணற்றடியில் நின்று போனை வாயருகே பிடித்தாள். பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிலையம், ஒரு பொறுப்பாளர், ஐஸ் பார்க்கிற நல்ல வேலையாள் ஒருவர். "ஆராஞ்சது சரி, ஆள் சரி, கருவி சரி. ஆனா கடைசிச் சொல்லு, விடல், அது மட்டும் நடக்கல்ல. குடுத்த வேலைக்குள்ள திரும்பக் கையை வச்சதால அவ்வளவு நண்டும் பழுதாப் போச்சு. விடத் தெரியாதவன் ஆராஞ்சும் பயனில்லை." சொல்லி முடித்துத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். குறளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் உலகத்திலேயே இல்லை. அனுப்பினாள். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. 'நன்றி அக்கா' என்று பதில், பக்கத்தில் ஒரு பூ.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் டினுஷா இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருந்தாள். ஜெனிற்றா, செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வரிசை நீளமாக இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வரிசையில் மூன்று பேர்தான் நின்றார்கள்.

திங்கட்கிழமை ஏழரை. எல்லாரும் வெள்ளை மேலங்கியும் வலைத் தொப்பியுமாகக் கூடத்தில் நின்றார்கள். மேசை மேல் பச்சைத் தொப்பி மடித்து வைத்திருந்தது. டினுஷா கொப்பியைப் புரட்டிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடட்டும் என்று ஜெனிற்றா நினைத்தாள்.

டினுஷா குறளை வாசித்தாள். இரண்டு இடத்தில் தடக்கினாள், விழவில்லை. இதனை, இதனால், இவன் முடிக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொருள் சொன்னாள். கண் என்றால் முகத்துக் கண் இல்லை என்று சொன்னபோது பின்வரிசையில் யாரோ "அட" என்றார்கள். மொட்டைக் கத்தியையும் சொன்னாள். அது தன் கத்தி, தன் வாக்கியம், இன்னொருத்தி வாயில் போய்ப் பேர் வாங்குகிறது. பரவாயில்லை, உதாரணம் வரட்டும் என்று ஜெனிற்றா காத்திருந்தாள்.

"உதாரணம் எங்கட நிலையத்திலதான்" என்றாள் டினுஷா. ஐஸ் அறைக் கதவடியில் நின்ற உசனாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதனை. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலை வந்திச்சு, இந்தக் குறளை விளக்கிறது. எனக்குத் தமிழ் வாசிக்கவே கஷ்டம், எல்லாருக்கும் தெரியும். நானே செய்தாப் பிழைக்கும். இவன் முடிக்கும். ஆர் முடிப்பா எண்டு பாத்தன். ஜெனிற்றா அக்கா. இதனால். அவக்கு என்ன வேணும்? புத்தகம் வேணாம், அவட மண்டையில இருக்கு. இந்தப் படமும் சோத்து நேரத்தில அரை மணித்தியாலமும் போதும். ஆய்ந்து. எட்டு மாசமா அவட தட்டைப் பாக்கிறன், ஒரு ஓட்டுத் துண்டு இருக்காது. சொல்லிலயும் இருக்காது எண்டு நினைச்சன். அதனை அவன்கண் விடல். அவட்ட விட்டன். வேற ஒருத்தர்ட்டயும் சரியா எண்டு கேட்டுப் பாக்கல்ல. அவ சொன்னதைத்தான் இப்ப நீங்க கேட்டீங்க."

கூடம் முழுக்கக் கைதட்டியது. நாற்பது பேரும் திரும்பி ஜெனிற்றாவைப் பார்த்தார்கள். அவளுக்கு நின்ற இடத்திலேயே நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. மனேஜர் இராசதுரை தலையை ஆட்டினார். "இதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்று பச்சைத் தொப்பியை எடுத்து டினுஷாவிடம் கொடுத்தார்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். ஜெனிற்றா நினைத்த கேடு டினுஷாவின் பக்கம் போகவேயில்லை. கைதட்டல் ஓய்ந்து எல்லாரும் மேசைக்குப் போகையில், அவள் டினுஷாவைக் கை கழுவும் தொட்டியடியில் பிடித்தாள்.

"நான் அனுப்பினதை ஏன் சொல்லல்ல?"

டினுஷா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"விடியத்தால ஐஸ் அறைக்கு முன்னால நிண்டு பாடமாக்கினன் அக்கா. உசனார் காக்கா கேட்டுட்டார். 'மகள், இதை நீ அங்க சொன்னா நீயும் போவாய், நானும் போவன்' எண்டார்."

ஜெனிற்றா பூட்டின குழாயைத் திறந்து தன் கையைக் கழுவத் தொடங்கினாள்.

"பயந்துட்டன் அக்கா. உதாரணம் இப்பிடி எண்டா, சொல்லுக்குச் சொன்ன பொருளும் பிழையா இருக்குமோ எண்டு நினைச்சன். கேக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பிறகு யோசிச்சன்." டினுஷா கையைத் துடைத்தாள். "கெடுதி எனக்குச் செய்வீங்க. தமிழுக்குச் செய்யமாட்டீங்க."

அடித்திருந்தால் ஆறியிருக்கும். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள், அந்த வித்தையில் மாங்கேணியில் அவளை மிஞ்ச ஆளில்லை. கட்டின புருசன், கூடப் பிறந்த லூர்து, பாவம் கேட்கிற சுவாமியார், இவர்களில் ஒருவரும் அவளை இவ்வளவு அளந்து பார்த்ததில்லை. இந்த எட்டு மாதத்துப் பிள்ளை எது அழுகல், எது நல்ல சதை என்று பிரித்து இரண்டு தட்டில் வைத்துவிட்டாள். தொப்பியை மட்டும் எடுத்திருந்தால் பரவாயில்லை, நல்லவள் என்கிற இடத்தையும் இவளே எடுத்துக்கொண்டாளே என்று ஜெனிற்றாவுக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. வெட்கமும் இருந்தது. எது கூடுதல் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் மனேஜர் புதுப் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் அவர்களுக்கு முதல் நாள். டினுஷா அவர்களை மூன்றாம் மேசைக்கு அழைத்துப் போனாள். தீட்டிய கத்தி ஐந்தை, வெளிச்சம் நன்றாகப் படுகிற பக்கமாகப் பார்த்து வைத்தாள்.

"அக்கா, இவங்க உங்கட பொறுப்பு. ஒரு மாசம்."

மனேஜர் வாயைத் திறந்தார். "அப்ப நான் இடைக்கிடை வந்து..."

"வேணாம் சேர்" என்றாள் டினுஷா. "விட்டாச்சு."

அவள் நடந்தாள். ஜெனிற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் மேசை தாண்டினால் திரும்பிப் பார்ப்பாள், தன்னை நம்பமாட்டாள், யார்தான் நம்புவார்கள். இரண்டாம் மேசையைத் தாண்டினாள். கண்ணாடிக் கதவடியில் பார்ப்பாள். கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்கு அப்பால் பச்சைத் தொப்பி கம்பியூட்டரின் முன் போய்க் குனிந்தது, நிமிரவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், அவளை வெறுக்க ஜெனிற்றாவுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

ஐந்து பெண்களும் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அவள் கையுறையை இழுத்துப் போட்டாள்.

"மோதிரம், வளையல் எல்லாத்தையும் கழட்டுங்க புள்ளையள்" என்றாள். "ஒரு ஓட்டுத் துண்டும் போகக் கூடாது."